ஓடும்போதே அணையும் டேஷ்போர்டு

வண்டி சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது வேகமானியின் முள் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுகிறது. இண்டிகேட்டர் நின்றுபோகிறது, ஏசி காற்றும் வரவில்லை. எஞ்சின் மட்டும் ஓடுகிறது, சில வேளை அதுவும் அணைந்துவிடும். சாவியை லேசாக அசைத்தால் எல்லாம் திரும்ப உயிர் பெறுகிறது. நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், அதே அடித்தளத்தில் இந்தியாவில் ஓடிய முதல் ஸ்கோடா ஆக்டேவியா போன்ற கார்களை வைத்திருந்தவர்களில் பலருக்கு இது பழகிய கதை.

பூட்டில் கோளாறு என்று நினைத்துச் சாவி செட்டையே மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. அது வீண் செலவு. சாவி நுழையும் பூட்டு வேறு, அதன் பின்முனையில் பொருந்தியிருக்கும் மின் ஸ்விட்ச் வேறு. சாவி திரும்பும்போது அந்த பிளாஸ்டிக் ஸ்விட்ச்சுக்குள் செப்புத் தொடுமுனைகள் ஒன்றோடொன்று சேர்கின்றன. ஆண்டுக்கணக்கில் மின்னோட்டம் பாய்ந்து அவை கருகித் தேயும். கனத்த சாவிக்கொத்து தொங்கி ஆடினால் தேய்மானம் இன்னும் கூடும்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 2014-ல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததும் இக்னிஷன் ஸ்விட்ச்சுக்காகத்தான். அங்கே தொடுமுனை தேயவில்லை. சாவியை நிலையில் பிடித்துவைக்கும் ஸ்பிரிங் வலுவில்லாததால், குலுங்கியதும் சாவி தானே பின்னுக்குத் திரும்பிவிட்டது. எஞ்சின் அணைந்தது, விபத்தில் ஏர்பேகும் விரியவில்லை. அந்த நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது.

ஓடும்போது மின்சாரம் போனால் சாவியை உருவவே கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஹசார்ட் விளக்கைப் போட்டு ஓரம்கட்ட வேண்டும். அந்த விளக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் பெறுவதால் நோயைக் கண்டறியவும் உதவும். டேஷ்போர்டு செத்திருக்கும்போது ஹசார்டும் ஹாரனும் வேலை செய்தால் சந்தேகம் ஸ்விட்ச் மேல் போகும். எல்லாமே ஒன்றாகச் செத்தால் முதலில் பேட்டரி டெர்மினலைப் பார்க்க வேண்டும். உறுதிசெய்ய, சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்து, டேஷ்போர்டு ஃப்யூஸில் மல்டிமீட்டரைப் பிடித்தபடி சாவியை மெல்ல அசைக்கலாம். 12 வோல்ட் சட்டென்று விழுந்து ஏறினால் குற்றவாளி ஸ்விட்ச்தான்.

மாற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். ரேடியோவுக்கு கோடு எண் இருந்தால் அதைக் குறித்துவைப்பது நல்லது. ஸ்டியரிங் தண்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றினால் பூட்டின் பின்முனை தெரியும். வயர் பிளக்கை உருவியபின், ஸ்விட்ச்சைப் பிடித்திருக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூக்களைத் தேட வேண்டும். அவற்றின் தலையில் பெயின்ட் அப்பியிருக்கும். அதைச் சுரண்டாமல் திருகினால் தலை மழுங்கிப் போகும். முழுக்கக் கழற்றத் தேவையில்லை, தளர்த்தினாலே பழைய ஸ்விட்ச் பின்னால் வந்துவிடும்.

சாவி எந்த நிலையில் இருக்கிறதோ, புதிய ஸ்விட்ச்சின் துளையும் அதே நிலைக்குத் திரும்பியிருந்தால்தான் உள்ளே போகும். போகவில்லை என்று அழுத்தக் கூடாது. பூட்டையும் சாவியையும் தொடாததால் இம்மொபிலைசருக்கு எந்த மாற்றமும் தேவையில்லை.

மூடிகளை மாட்டும் முன் வண்டியை ஸ்டார்ட் செய்து சாவியை விட்டுப் பார்க்க வேண்டும். அது தானாக ‘ஆன்’ நிலைக்குத் திரும்பாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்து எரிந்துபோகும். திரும்பி வந்த பிறகும் டேஷ்போர்டு அணைகிறதென்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது டேஷ்போர்டுக்குப் பின்னால் தளர்ந்த எர்த் வயர்.