நிலம் விற்ற பணத்துக்கு முதலில் தேதி குறியுங்கள்

அப்பா விட்டுச்சென்ற நிலம் கிரயமான மறுவாரமே வீட்டுக்கு ஆலோசகர்கள் வந்துவிடுகிறார்கள். வங்கி மேலாளர் ஒற்றைப் பிரீமிய இன்ஷூரன்ஸைச் சொல்வார், மைத்துனர் புறவழிச்சாலை ஓரம் மனை இருக்கிறது என்பார், யாரோ ஒருவர் மாதம் மூன்று வட்டி தரும் ஆளைத் தெரியும் என்பார். எல்லாருமே “எதில் போடலாம்” என்றுதான் பேசுகிறார்கள். இந்தப் பணம் எப்போது தேவை என்று யாரும் கேட்பதில்லை. வரியை எவ்வளவு மிச்சப்படுத்தலாம் என்பதையும், பணத்தை எங்கே வைக்கலாம் என்பதையும் அந்தக் கேள்விதான் சேர்த்துத் தீர்மானிக்கிறது.

ஓர் உதாரணக் கணக்கு. தஞ்சாவூர் மாநகராட்சி எல்லையிலிருந்து நான்கு கிலோமீட்டரில் ஒரு நிலம். அப்பா 1985-ல் வாங்கியது. அவர் காலத்துக்குப் பின் அண்ணனும் தங்கையும் 2025 அக்டோபரில் 90 லட்சத்துக்கு விற்கிறார்கள். தங்கைக்கு வயது 48. தனியார் பள்ளி ஆசிரியை, ஓய்வூதியம் கிடையாது. அவர் பங்கு 45 லட்சம். பத்திரத்தில் இருவரும் கையெழுத்திட்டு, அவரவர் பங்கு அவரவர் வங்கிக் கணக்குக்கே வரவேண்டும். மொத்தப் பணமும் அண்ணன் கணக்குக்குப் போய்ப் பிறகு பிரிந்தால், வருமான வரித்துறையிடம் இருவரும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரும்.

கிராமத்து விவசாய நிலமாக இருந்தால் வரியே இல்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் எது கிராமம் என்பதை, பக்கத்து ஊரின் மக்கள்தொகையும் அங்கிருந்து நேர்கோட்டில் உள்ள தூரமும் முடிவு செய்கின்றன. பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை மக்கள் உள்ள நகராட்சி என்றால் 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை 6, அதற்கு மேல் 8. தஞ்சாவூரின் மக்கள்தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அதனால் நான்கு கிலோமீட்டரில் உள்ள இந்த நிலத்தில் நெல்லே விளைந்திருந்தாலும் வரி உண்டு.

நிலம் சும்மா வந்ததுதானே, 45 லட்சமும் லாபமா என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. அப்பா வாங்கிய விலைதான் வாரிசுக்கும் அடக்க விலை. 2001 ஏப்ரல் 1-க்கு முன்பு வாங்கிய நிலமானால், அந்தத் தேதியில் இருந்த மதிப்பையே அடக்கமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. தங்கையின் பங்குக்கு அந்த மதிப்பு 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 42 லட்சம், அதற்கு 12.5 சதவீதமும் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து வரி 5.46 லட்சம். 2024 ஜூலை 23-க்கு முன்பு கைக்கு வந்த நிலத்துக்குப் பழைய வழியும் திறந்திருக்கிறது: அடக்க விலையைப் பணவீக்கத்துக்கேற்ப உயர்த்தி, மிச்சத்துக்கு 20 சதவீதம். 2025-26-ல் விற்றவர்களுக்கு அந்தப் பெருக்கம் 3.76 மடங்கு. இவர் விஷயத்தில் அப்படிப் போட்டால் வரி ஏழு லட்சத்துக்கு வந்துவிடுகிறது. 2001 மதிப்பு, விற்ற விலையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கைத் தாண்டினால்தான் பழைய வழி லாபம்.

நிலத்தின் மொத்த விலை 50 லட்சத்தை எட்டியதால் வாங்குபவர் ஒரு சதவீதம் பிடித்துக்கொண்டு அரசுக்குக் கட்டுவார். தங்கைக்குக் கையில் வருவது 44.55 லட்சம். பிடித்த 45 ஆயிரம் அவர் வரியில் கழியும்.

இனி 54இசி பத்திரம். ஆர்இசி, பிஎஃப்சி, ஐஆர்எஃப்சி போன்ற அரசு நிறுவனங்கள் வெளியிடுகின்றன. கிரயத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் லாபத்தில் 50 லட்சம் வரை இதில் போடலாம். போட்ட தொகைக்கு வரி இல்லை. ஐந்து ஆண்டுகள் எடுக்க முடியாது, அடகு வைத்துக் கடன் வாங்கினாலும் சலுகை போய்விடும். வட்டி 5.25 சதவீதம்தான், அதற்கும் வரி உண்டு. “இவ்வளவு குறைந்த வட்டிக்கா?” என்று கேட்டு ஒதுக்குகிறவர்கள் ஒரு கணக்கை விட்டுவிடுகிறார்கள். 15 லட்சத்தைப் பத்திரத்தில் போட்டால் 1.95 லட்சம் வரி மிச்சம். போடாவிட்டால் அந்த 15 லட்சத்தில் கையில் நிற்பது 13.05 லட்சம்தான். அந்த 13.05 லட்சம் ஆண்டுதோறும் 78,750 ரூபாய் வட்டி தந்து, ஐந்தாம் ஆண்டு முடிவில் 15 லட்சமாகத் திரும்புகிறது என்று பாருங்கள். உண்மையான வருவாய் ஏறத்தாழ 8.5 சதவீதம். ஏற்ற இறக்கம் இல்லாமல் இந்த அளவு தரும் இடம் எளிதில் கிடைக்காது.

அப்படியானால் 42 லட்சத்தையும் அதிலேயே போட்டு வரியே கட்டாமல் தப்பிக்கலாமே? கூடாது என்பேன். இவருடைய மகள் இரண்டு ஆண்டில் கல்லூரிக்குப் போகிறாள். பத்திரம் திரும்பி வரும்போது படிப்பு முக்கால்வாசி முடிந்திருக்கும். வரியைச் சேமித்துவிட்டு, கல்லூரிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைப்பது நஷ்டம். ஐந்து ஆண்டுக்குள் கண்டிப்பாகத் தேவைப்படாத பணம் மட்டுமே பத்திரத்துக்குப் போகவேண்டும். வீடு வாங்கி வரிவிலக்குப் பெறும் வழியிலும் இதே எச்சரிக்கை தேவை. அங்கே லாபத்தை மட்டும் போட்டால் போதாது, விற்ற தொகை முழுவதையும் வீட்டில் போட்டால்தான் முழு விலக்கு. மாதச் சம்பளத்தில் வாழ்பவரின் கையில் ரொக்கமே மிஞ்சாது.

ஆகவே இவருடைய 44.55 லட்சத்துக்குத் தேதி குறிப்போம். 15 லட்சம் பத்திரத்துக்குப் போனபின் கட்டவேண்டிய வரி 3.51 லட்சம். பிடித்தது போக 3.06 லட்சம் மார்ச் 15-க்குள் முன்கூட்டிய வரியாகப் போகிறது. நகைக்கடன் 2 லட்சத்தை உடனே அடைக்கலாம். வேலை போனாலோ மருத்துவமனைச் செலவு வந்தாலோ எடுக்க 3 லட்சம் வங்கியில் இருக்கட்டும். மகளின் படிப்புக்கு 8 லட்சம், இரண்டாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு ஒன்றாக முதிரும்படி நான்கு வைப்புநிதிகள். இவை இரண்டு வங்கிகளிலாவது பிரிந்திருப்பது நல்லது. ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம் வரைக்கும்தான் வைப்புநிதிக் காப்பீடு.

மிஞ்சுவது ஏறத்தாழ 13.5 லட்சம். ஓய்வுபெற இன்னும் பத்து ஆண்டுக்கு மேல் இருப்பதால் இது பங்குச் சந்தைக்குப் போகலாம், நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் வழியாக. பங்கில் பழக்கமில்லாதவர் முன்கூட்டியே ஒன்றைக் கண்ணால் பார்த்துவிடவேண்டும். 2008 ஜனவரியில் 21,000 புள்ளியை ஒட்டியிருந்த சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,000 அளவுக்கு விழுந்தது. பழைய உயரத்தைத் திரும்பத் தொட 2010 இறுதியானது. அதே வீழ்ச்சி வந்தால் 13.5 லட்சம் ஐந்து லட்சத்துச் சொச்சமாகத் தெரியும். அந்த நேரத்தில் மகளின் கட்டணமும் வரியும் அவசரச் செலவும் வேறு இடத்தில் பத்திரமாக இருந்தால்தான் விற்காமல் பொறுத்திருக்க முடியும். தைரியசாலியா பயந்தவரா என்பதைவிட, எவ்வளவு காலம் அந்தப் பணத்தைத் தொடாமல் இருக்கலாம் என்பதை வைத்தே அபாயத்தை அளக்கவேண்டும். அப்படியும் மனம் ஒப்பாதென்றால் தொகையை லிக்விட் ஃபண்டில் வைத்து, மாதம் 75,000 வீதம் ஒன்றரை ஆண்டில் மாற்றலாம்.

அண்ணனுக்கு வயது 62, மாத வருமானம் இல்லை. அதே 45 லட்சம் அவர் கையில் வேறு மாதிரிப் பிரியும். ஆண்டுக்கொருமுறை வட்டி தரும் பத்திரம் அவருக்கு உதவாது. வரியைக் கட்டிவிட்டு, அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சத்தையும் போட்டால், விற்ற காலத்தில் இருந்த 8.2 சதவீத வட்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வந்துகொண்டிருக்கும்.