பூட்டிய கேட்டும் ஒரு மனுவும்

காலை ஷிஃப்டுக்கு வந்தவர்கள் கேட்டில் பூட்டையும், ‘நஷ்டத்தால் ஆலை மூடப்படுகிறது’ என்று ஒட்டிய தாளையும் பார்க்கிறார்கள். சம்பளம் இரண்டு மாதம் பாக்கி. மறுநாள் தொழிலாளர் உதவி ஆணையருக்கு மனு போகிறது. குடும்பம் படும் பாடு இரண்டு பக்கம் இருக்கும். யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது மட்டும் ‘எங்கள் பணத்தை வாங்கித் தாருங்கள்’ என்ற ஒரே வரியில் முடிந்திருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு சமரசப் பேச்சில் அலுவலர் எதைக் கேட்பார்?

ஒரு தையல் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 13,000 ரூபாய். சர்வீஸ் 9 வருடம் 7 மாதம். ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருடம் என்பதால், கணக்கில் அது 10 வருடம். பணிக்கொடைக்கு மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, வருடத்துக்கு 15 நாள் வீதம் பெருக்க வேண்டும். 500 ரூபாய், 15 நாள், 10 வருடம்: 75,000 ரூபாய். ஆலைமூடல் இழப்பீடு இதிலிருந்து வேறு. அதுவும் வருடத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம், ஆக 150 நாள் சம்பளம். முன்னறிவிப்பு தராததற்கு ஒரு மாதச் சம்பளம் தனி. பாக்கிச் சம்பளம் 26,000. மனுவோடு இணைக்கும் பட்டியலில் பெயர், டோக்கன் நம்பர், சேர்ந்த தேதி, இந்தத் தொகைகள் எல்லாம் ஆளுக்கொரு வரியாக வர வேண்டும்.

‘நஷ்டம்’ என்ற சொல்லுக்கு நிர்வாகம் ஒட்டும் அளவுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. முதலாளியின் கைமீறிய காரணத்தால் மூடினால் இழப்பீட்டை மூன்று மாதச் சம்பளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் பண நெருக்கடியும், விற்காமல் தேங்கிய சரக்கும் மட்டுமே அப்படிப்பட்ட காரணம் ஆகாது என்று அதே விதி சொல்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்த ஆலை என்றால், மூடும் எண்ணத்தை 60 நாளுக்கு முன்பே அரசுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்தார்களா என்று மனுவிலேயே கேட்டுவிடலாம்.

‘செட்டில்மெண்ட் வந்திருக்கு, கையெழுத்துப் போடுங்க’ என்று கூப்பிடும்போதுதான் உஷாராக இருக்க வேண்டும். 2020-இல் கம்போடியாவின் ஹுலு கார்மெண்ட் தொழிலாளர்கள், சம்பளம் வாங்குவதற்காகக் கைநாட்டு வைத்த தாளில் ராஜினாமா வாசகம் இருந்ததாகப் புகார் சொன்னார்கள். தானாக விலகினார் என்று ஆகிவிட்டால் மூடல் இழப்பீடு போய்விடும். தாளில் உள்ளதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் கடைசி சில மாதங்கள் காலியாக இருக்கலாம். சம்பளத்தில் பிடித்தும் கட்டாத அந்தப் பணத்துக்குப் புகார் வைப்பு நிதி அலுவலகத்துக்குத் தனியாகப் போக வேண்டும். பணிக்கொடைக்கும் தனி விண்ணப்பம் உண்டு. ஒரே மனு எல்லாவற்றுக்கும் போதும் என்று இருந்துவிட்டால், விண்ணப்பிக்கும் கெடு சத்தமில்லாமல் தாண்டிப் போகும். மனு கொடுத்த அன்றே நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.