ஜப்ஜி: ஓதலும் கேட்டலும்

குருநானக் (1469–1539) சீக்கிய சமயத்தின் முதல் குரு ஆவார். அவர் தம் பயணங்களின்போது இராமேசுவரத்திற்கும் வந்தார் என்பது சீக்கிய மரபு. அதன் நினைவாக அங்கு ஒரு குருத்வாரா உள்ளது. அவர் இயற்றிய நெடும்பாடலே ஜப்ஜி. சீக்கியரின் திருநூலாகிய குரு கிரந்த சாகிப் இப்பாடலுடனேயே தொடங்குகிறது. அந்நூலின் பெரும்பகுதி இராகங்களின்கீழ் வகுக்கப்பட்டிருக்க, ஜப்ஜிக்கு இராகம் குறிக்கப்படவில்லை. எனவே வைகறையில் இது இசைத்துப் பாடப்படாமல் ஓதப்படுகிறது.

படிகளின் அமைப்பு

தொடக்கத்தில் இறைவனின் இயல்பைச் சுருங்கக் கூறும் மூலமந்திரமும் ஒரு சிறுபாடலும் நிற்கின்றன. அவற்றை அடுத்து 38 பகுதிகளும், முடிவில் ஒரு சிறுபாடலும் வருகின்றன. ஒவ்வொரு பகுதியும் 'பௌரி' எனப்படும். ஏணியின் படி என்பது அச்சொல்லின் பொருள்.

முதற்படி ஒரு வினாவை எழுப்புகிறது. எத்தனை முறை சிந்தித்தாலும் மெய்ப்பொருள் சிந்தனையில் அடங்குவதில்லை. வாய்மூடி இருந்தாலும் மனம் அமைதியுறுவதில்லை. அவ்வாறாயின் பொய்ம்மைச் சுவரைத் தகர்ப்பது எங்ஙனம்? இறைவனின் ஆணைவழி நடப்பதே விடை என அப்படி முடிகிறது. 'ஹுக்கம்' எனப்படும் இவ்வாணையே பாடல் முழுவதற்கும் அடிப்படைக் கருத்தாகும்.

அவ்வாணையை அறியும் வழி கேட்டலில் தொடங்குகிறது. 8 முதல் 11 வரையுள்ள நான்கு படிகள் கேட்டலின் பயனைக் கூறுகின்றன. அறுபத்தெட்டுத் தீர்த்தங்களில் நீராடிய பயன் கேட்டலிலேயே கிட்டும் என்கிறது பத்தாம் படி. பார்வையற்றோரும் கேட்டலால் வழி காண்பர் என்கிறது பதினோராம் படி. கேட்டதை மனம் ஏற்று நிற்கும் நிலையை 12 முதல் 15 வரையுள்ள படிகள் விளக்குகின்றன.

புதியவர் ஓதும் முறை

நன்கு பழகியவர் ஜப்ஜி முழுவதையும் ஏறத்தாழ 20 முதல் 25 நிமிடங்களில் ஓதி முடிப்பர். புதியவருக்கு அதன் இருமடங்கு நேரமும் ஆகலாம். அவர் முதலில் மூலமந்திரத்தைப் பழகி, பின்னர் நாள்தோறும் சில படிகளைச் சேர்த்துக்கொண்டு செல்வது எளிது. ஓர் அடியை ஓதி, அதன் இறுதிச்சொல் தம் செவியில் தெளிவாக விழுந்தபின் அடுத்த அடிக்குச் செல்லுதல் வேண்டும். இறுதிச்சொல் தேய்ந்து மறையுமாயின் வேகம் மிகுந்துவிட்டது என்று அறியலாம்.

தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதிய படியைக்கொண்டு ஓதுவோர்க்கு மற்றோர் இடர்ப்பாடு உண்டு. பஞ்சாபியில் ககர வரிசையின் நான்கு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்துகள் உள்ளன. அவ்வொலிகள் வேறுபடுவதால் செய்தலைக் குறிக்கும் சொல், வீட்டைக் குறிக்கும் சொல், கழுதையைக் குறிக்கும் சொல் ஆகிய மூன்றும் வெவ்வேறாக ஒலிக்கின்றன. தமிழ் எழுத்திலோ அவை மூன்றும் 'கர்' என்றே அமையும். ஆகவே ஓதத் தெரிந்த ஒருவரின் குரலைக் கேட்டு ஒலியைத் திருத்திக்கொள்வது இன்றியமையாதது.

மனப்பாடமாக ஓதுவோர் தடுமாறும் இடமும் ஒன்றுண்டு. கேட்டலைப் பற்றிய நான்கு படிகளும் தனித்தனியே ஆறு அடிகள் உடையவை. முதல் நான்கு அடிகள் படிதோறும் வேறுபட, இறுதி இரண்டடிகள் மட்டும் மாறாமல் வருகின்றன. ஆரணித் தறியில் பாவு நிலைத்து நிற்க, ஊடையின் நிறம் மாறிச் செல்வதை ஒத்தது இவ்வமைப்பு. கவனம் சிதறியவர் ஒன்பதாம் படியின் இறுதியடிகளை ஓதியவுடன், பத்தாம் படியை விட்டுப் பதினோராம் படிக்குத் தாவிவிடுவர். இறுதியடிகள் ஒன்றுபோல் இருப்பதால் பிழை செவிக்கும் புலப்படாது. படிதோறும் முதலடியின் கருத்தை நினைவிற் கொள்வதே இதற்குத் தக்க காப்பு: ஒன்பதில் தெய்வங்கள், பத்தில் வாய்மையும் மனநிறைவும், பதினொன்றில் நற்குணங்களின் ஆழம். பொருள் தெரிந்தவர் படியைத் தவறவிடுவது அரிது.

முடிவில் ஒரு பட்டறை

34 முதல் 37 வரையுள்ள படிகள் உயிர் மேலேறும் ஐந்து நிலைகளைக் காட்டுகின்றன. அறம், அறிவு, முயற்சி, அருள், மெய்ம்மை என அவை வரிசைப்படும். அறநிலையில் இவ்வுலகம் கடமை செய்யும் களமாகிறது; இறுதியில் உள்ள மெய்ம்மைநிலையில் உருவமற்ற இறைவன் உறைகின்றான்.

முப்பத்தெட்டாம் படி ஒரு பொற்கொல்லர் பட்டறையைக் காட்டுகிறது. அங்கே பொறுமை பொற்கொல்லராகிறது, தன்னடக்கம் பட்டறையாகிறது. அறிவைப் பட்டடைக்கல்லாகவும், ஞானத்தைச் சுத்தியாகவும், இறையச்சத்தைத் துருத்தியாகவும், அன்பை மூசையாகவும் கொண்டு அங்கே இறைச்சொல் வார்க்கப்படுகிறது. பொன்னை உருக்கும் வேலை விரைந்து முடிவதன்று; பொறுமையைப் பொற்கொல்லராக்கியதன் காரணம் இதனால் விளங்கும். மௌனமும் சிந்தனையும் தாமே போதா என்று தொடங்கிய பாடல், பொருளறியாது விரைந்து ஓதுதலையும் போதுமானதாகக் கொள்ளாது. ஆதலின் ஜப்ஜியை ஓதுவோரே அதன் முதற்கேட்போராகவும் இருத்தல் வேண்டும்.