வேகம் உள்ளே, நிலை வெளியே: செர்வோ டிரைவின் இரு வளையங்கள்

சி.என்.சி. இயந்திரத்தின் மேசையைக் குறித்த இடத்துக்குக் கொண்டுபோய், தாண்டாமல் நிறுத்துவது செர்வோ டிரைவின் வேலை. மேசை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அந்த அளவுக்கு மோட்டார் முறுக்குவிசை கொடுத்தால் போதும் என்று தோன்றலாம். ஆனால் தொலைவுக்கேற்ப விசை என்பது ஸ்பிரிங்கின் குணம். ஸ்பிரிங்கில் கட்டிய எடையைப் போல மேசை இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து ஆடிக்கொண்டிருக்கும்.

அதனால் வேலை இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. வெளியே உள்ள நிலை வளையம், இன்னும் போக வேண்டிய தொலைவைப் பார்த்து ஒரு வேகத்தை மட்டும் கேட்கும். உள்ளே உள்ள வேக வளையம், அந்த வேகம் கிடைக்கத் தேவையான முறுக்குவிசையைக் கணக்கிடும். இலக்கு நெருங்க நெருங்கக் கேட்கப்படும் வேகம் குறைவதால் ஆட்டம் அடங்குகிறது. வெட்டும் கருவி திடீரென எதிர்த்தாலும், வேகம் குறைந்தவுடனே உள் வளையம் விசையைக் கூட்டிவிடும். நிலைப் பிழை பெரிதாகும்வரை காத்திருக்காது.

வடிவமைப்பு உள்ளிருந்து தொடங்குகிறது. 10 மி.மீ. புரியிடைத் தூரம் கொண்ட பால் ஸ்க்ரூ, 200 கிலோ மேசையை நகர்த்துவதாகக் கொள்வோம். மோட்டார் தண்டில் இந்த மேசை சுமார் 0.0005 கிலோகிராம்-சதுர மீட்டர் நிலைமத் திருப்புத்திறனாகத் தெரியும். மோட்டாரும் ஸ்க்ரூவும் சேர்ந்து 0.0015 என்றால் மொத்தம் 0.002. வேக வளையம் விநாடிக்கு 300 ரேடியன் என்ற விரைவில், அதாவது ஏறத்தாழ 3.3 மில்லிவிநாடி கால மாறிலியோடு, செயல்பட வேண்டுமானால் அதன் கெயின் இவ்விரண்டின் பெருக்குத்தொகை: 0.6. ஒரு ரேடியன்/விநாடி வேகக் குறைவுக்கு 0.6 நியூட்டன்-மீட்டர் விசை என்று பொருள்.

நீடித்த சுமைக்கு இது மட்டும் போதாது. பிழை இருந்தால்தான் விசை பிறக்கும் என்பதால் ஒரு சிறு வேகக் குறைவு தங்கிவிடும். பிழையைச் சேர்த்துக் கூட்டிச் செல்லும் தொகைப்பகுதி அதைப் போக்கும். அதன் காலத்தை 4/300 விநாடி, சுமார் 13 மில்லிவிநாடி என வைத்தால் வளையம் ஊசலாடாது. மோட்டார் தன் விசை வரம்பைத் தொட்டிருக்கும்போது தொகைப்பகுதியை நிறுத்திவைக்க வேண்டும். இல்லையேல் சேர்ந்துபோன விசை மேசையை இலக்குக்கு அப்பால் தள்ளும்.

உள் வளையம் சரியான பிறகே வெளி வளையத்துக்கு வர வேண்டும். வேகம் தானாகவே நிலையாகச் சேர்வதால் இங்கே பொதுவாக ஒரே ஒரு கெயின் போதும். உள் வளையத்தின் விரைவில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டினால் மேசை இலக்கை மீறத் தொடங்கும். 300-க்கு அந்த எல்லை 75. உள்ளே தொகைப்பகுதியும் இருப்பதால் 50 எனக் குறைத்து வைப்பது பாதுகாப்பு. மேசையில் இன்னொரு 200 கிலோ ஏற்றினாலும் உள் விரைவு 240-க்குத்தான் இறங்கும். 50 அதற்கும் பொருந்தும்.

இந்தக் கெயினுக்கு ஒரு விலை உண்டு. விநாடிக்கு 100 மி.மீ. வேகத்தில் ஓடும் மேசை, கட்டளைக்கு 100/50, அதாவது 2 மி.மீ. பின்தங்கியே போகும். கெயினை ஏற்றி இதைத் தீர்க்க முயன்றால் ஆட்டம் வரும். மாறாக, கட்டளையிடப்பட்ட வேகத்தை நேரடியாக உள் வளையத்துக்கும் முன்கூட்டியே தந்தால், சீரான ஓட்டத்தில் பின்தங்கல் பெரும்பாலும் மறைந்துவிடும்.

உள் வளையத்தையே இன்னும் விரைவாக்க என்ன தடை? ஒன்று, கப்ளிங்கும் ஸ்க்ரூவும் முறுக்கிக்கொண்டு அதிர்வது. மற்றொன்று என்கோடரின் நுண்மை. சுற்றுக்கு 10,000 துடிப்பு தரும் என்கோடரை 0.25 மில்லிவிநாடிக்கு ஒருமுறை படித்தால், ஒரே ஒரு துடிப்பின் வேறுபாடு 2.5 ரேடியன்/விநாடி வேகமாகத் தெரியும். 0.6 கெயின் அதை 1.5 நியூட்டன்-மீட்டர் விசைத் துள்ளலாக மாற்றும், மோட்டார் இரையும். வடிகட்டி போட்டால் இரைச்சல் குறையும், ஆனால் தாமதம் கூடும். சுற்றுக்குப் பத்து லட்சம் துடிப்பு தரும் என்கோடரில் துள்ளல் நூறில் ஒரு பங்காகிவிடும்.

பழுதைக் கண்டறிய அதிர்வின் தன்மையைக் கவனிக்கலாம். கூர்மையான ரீங்காரம் கேட்டால் வேக கெயின் மிகுதி. அதைக் குறைக்க வேண்டும், அல்லது அதிர்வெண்ணை மட்டும் தடுக்கும் நாட்ச் வடிகட்டி போட வேண்டும். நிற்கும்போது மேசை மெதுவாக ஆடி அடங்கினால், உள் வளையத்தின் திறனுக்கு மேல் வெளி வளையம் கேட்கிறது என்று பொருள். அப்போது நிலை கெயினைக் குறைக்கலாம். ரீங்காரம் எழாத வரை வேக கெயினை உயர்த்தினாலும் ஆட்டம் நிற்கும்.