கொலு இறங்கிய மறுநாள்

விஜயதசமி இரவில் ஆரத்தி எடுத்து, ஒரு பொம்மையைப் படுக்க வைத்துத் தாலாட்டியதும் கொலு நிறைவுறுகிறது. மறுநாள், பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றும் வேலை தொடங்குகிறது. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, எழுபதைக் கடந்த தம்பதியர் ஏணியில் ஏற முடியாமல் திகைப்பது பல இல்லங்களில் காணும் காட்சி.

மேற்கு மாம்பலத்தில் அத்தகைய தம்பதியர் ஒருவர், ஒன்பது படிக் கொலுவை ஐந்து படியாகக் குறைக்க எண்ணினர். அவர்களிடம் தசாவதார செட் இரண்டு இருந்தன. ஒன்று மாமியார் தந்தது. மற்றொன்று பின்னாளில் வாங்கியது. கொடுப்பதற்கு அம்மையாரின் மனம் ஒப்பவில்லை. பூஜித்த பொம்மையைக் கொடுத்தால் லட்சுமி கடாட்சம் குறையுமோ என்று அஞ்சினார்.

குடும்பப் புரோகிதர் அந்த ஐயத்தைத் தீர்த்தார். பொதுவாக அம்பிகையை ஆவாகனம் செய்வது கலசத்தில்தான்; கொலுப் பொம்மைகளுக்குப் பிராணப் பிரதிஷ்டை செய்வதில்லை. கலசத்தை யதாஸ்தானம் செய்த பிறகு பொம்மைகளைத் தாம்பூலத்துடன் அளிப்பதில் குறையேதும் இல்லை என்றார்.

அதன்பின், பொம்மைகளைப் பெட்டியில் இடும் முன்பே பிரித்து வைத்தனர். சீராக வந்த மரப்பாச்சி ஜோடியும் மாமியாரின் செட்டும் பேத்திக்கென ஒதுக்கப்பட்டன. இரண்டாவது தசாவதாரம், முதன்முறையாக மூன்று படி வைத்த அண்டை வீட்டு மருமகளுக்குச் சென்றது. பத்தில் ஒன்று பிரிந்தாலும் செட் குறைப்பட்டுவிடும் என்பதால் முழுமையாகவே கொடுத்தனர். கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் விரல் நுனியால் தட்டிப் பார்த்தனர். நன்கு சுட்ட மண் பொம்மை கணீரென ஒலிக்கும். விரிசல் இருப்பின் ஒலி மழுங்கும். நரசிம்மரின் அடிப்பாகத்தில் மெல்லிய விரிசல் தெரிந்தது. அதை மறைக்காமல் கூறியே கொடுத்தனர்.

பதிலுக்கு அம்மருமகள், தம்மிடம் இரண்டாக இருந்த செட்டியார் தம்பதி பொம்மைகளில் ஒரு ஜோடியை அளித்தார். அது காகிதக் கூழால் ஆனது. எடை குறைவு என்பதால் முதியவர்கள் தூக்குவது எளிது. ஆயினும் ஈரத்தில் ஊறி உப்பிவிடும். ஆகையால் நன்கு உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, பெட்டியில் மண் பொம்மைகளுக்கு மேலாக வைத்தனர். ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மை சேர்க்க வேண்டும் என்னும் வழக்கமும் செலவின்றி நிறைவேறியது.

தோரணங்களும் பூங்காவுக்கான சிறு மரங்களும் மூன்றாவது வீட்டிற்குச் சென்றன. சீரியல் விளக்குகளில் ஒன்றின் கம்பியில் உறை வெடித்திருந்ததால் அதை மட்டும் எவருக்கும் தராமல் அகற்றினர். சாற்றிய மலர்கள் நிர்மால்யம் ஆதலால் துளசி மாடத்தருகே செடிகளுக்கு உரமாயின.

பரணில் ஐந்து பெட்டிகள் இருந்த இடத்தில் இப்போது மூன்றே உள்ளன. அடுத்த நவராத்திரியில் அண்டை வீட்டிற்குத் தாம்பூலம் பெறச் செல்லும்போது, அம்மையார் தம் தசாவதாரத்தை அங்குள்ள படியில் தரிசிப்பார்.