228 கட்டுரைகள், 16 வாரங்கள்

தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளூரைடு என்பது ஒரு மாணவியின் முனைவர் பட்டத் தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். முன்னாய்வுகளைத் தேடியதும் 228 கட்டுரைகள் கிடைக்கின்றன. முதலில் கிடைத்ததிலிருந்து வரிசையாகப் படித்தால், முக்கியமானவற்றை எட்டும் முன்பே நாட்கள் ஓடிவிடும்.

அதனால் முதல் வேலை தரம் பிரிப்பது. தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் பார்த்து மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். என் ஆய்வுக் கேள்வியைத் தொடுகிறதா? என் முறையைக் கையாள்கிறதா? தருமபுரியைப் போன்ற கடும்பாறை நிலத்தைப் பற்றியதா? இரண்டுக்காவது 'ஆம்' என்றால் முதல் வகை. ஒன்றுக்கு மட்டும் என்றால் இரண்டாம் வகை. பின்னணிக்கு மட்டும் பயன்படுபவை மூன்றாம் வகை. இவருக்கு முறையே 24, 60, 144 தேறுகின்றன. எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துப் பிரிக்கக் கூடாது. நேற்று வந்த நல்ல கட்டுரை அதில் அடிபட்டுப் போகும்.

எஸ். கேசவ் 2007-இல் எழுதிய மும்முறை வாசிப்பு வழிகாட்டி நேரத்தைக் கணக்கிட உதவுகிறது. மேலோட்டமாகப் பார்க்கப் பத்து நிமிடம், உள்ளடக்கத்தைப் புரிந்துகொள்ள ஒரு மணி நேரம், புதியவர் ஒருவர் ஆழ்ந்து படிக்க நான்கைந்து மணி நேரம். வாரத்துக்கு 15 முதல் 17 மணி நேரம் ஒதுக்கினால் முதல் வகையில் 2, இரண்டாவதில் 5, மூன்றாவதில் 12 முடியும். 12 வாரங்களில் எல்லாம் முடிந்துவிடும். ஒவ்வொரு மூன்று வாரத்துக்கும் பிறகு புதிதாக எதையும் படிக்காத ஒரு வாரம் சேர்த்தால் மொத்தம் 16.

வார இலக்கைப் படித்த பக்கங்களால் அளக்காமல், எழுதி முடித்த குறிப்புகளால் அளக்க வேண்டும். மூன்றாம் வகைக்கு இரண்டு வரி போதும். முதல் வகைக்கு ஒரு பக்கம்: எத்தனை கிணறுகள், மழைக்கு முன்பா பின்பா, எந்த வரம்பு, என்ன முடிவு, எதைத் தொடவில்லை. வரம்பு என்பது சின்ன விவரமல்ல. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை அனுமதி. 1.2 உள்ள கிணற்றை ஒரு கட்டுரை ஆபத்துப் பட்டியலில் சேர்க்கும், இன்னொன்று விட்டுவிடும். வரம்பைக் குறிக்காதவர், முடிவுகள் முரண்படுவதாக நினைத்துக் குழம்புவார்.

அவசரத்தில் சுருக்கத்தையே நகலெடுத்து எண்ணிக்கையைக் காட்டுவதுதான் வழக்கமாக நேரும் பிழை. கட்டுரையை மூடிவைத்து, குறிப்பிலிருந்து மட்டும் மேற்கண்ட ஐந்துக்கும் விடை சொல்லிப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

இடைவெளி வாரத்தில் குறிப்புகளை அருகருகே வைத்து ஒப்பிட்டு, தரத்தையும் திருத்த வேண்டும். முதல் வகைக் கட்டுரைகள் பலவும் சுட்டும் ஒன்று மூன்றாம் வகையில் கிடந்தால் மேலே ஏற்றலாம். புதிதாகக் கிடைப்பவற்றின் மேற்கோள் பட்டியலில் ஏற்கெனவே பார்த்த பெயர்களே திரும்பத் திரும்ப வந்தால், தேடலை நிறுத்தி எழுதத் தொடங்கலாம்.