நஷ்டத்திலிருந்து வளர்ச்சி எத்தனை சதவீதம்?

காலாண்டு அறிக்கையில் வளர்ச்சி சதவீதத்தைக் கணக்கிடும் முறை எளிது: இந்த ஆண்டுத் தொகையில் போன ஆண்டுத் தொகையைக் கழித்து, விடையைப் போன ஆண்டுத் தொகையால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். போன ஆண்டு லாபமே இல்லையென்றால் பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது, எக்செல் #DIV/0! என்று காட்டும்.

நஷ்டம் இருந்தால் விடை வரும். ஆனால் அது தலைகீழாக வரும். ஒரு நிறுவனம் போன ஆண்டு 10 கோடி நஷ்டம், இந்த ஆண்டு 5 கோடி லாபம் என்று வைத்துக்கொள்வோம். 15 கோடி முன்னேற்றத்தை மைனஸ் 10 ஆல் வகுத்தால், மைனஸ் 150 சதவீதம்! நஷ்டம் 20 கோடியாகப் பெருகியிருந்தாலோ, 100 சதவீத வளர்ச்சி என்று வரும்.

சிலர் மைனஸ் குறியை நீக்கிவிட்டு வகுக்கிறார்கள். அப்போது திசை சரியாகும், அளவு சரியாகாது. 1 கோடி நஷ்டத்திலிருந்து 5 கோடி லாபத்துக்கு வந்த நிறுவனம் 600 சதவீதம் காட்டும். அதைவிட அதிகம் மீண்ட முதல் நிறுவனம் 150 தான்.

அதனால்தான் கவனமான அறிக்கைகள் அந்தக் கட்டத்தில் சதவீதம் போடாமல், ‘நஷ்டத்திலிருந்து லாபம்’ என்று எழுதுகின்றன. பெரிய சதவீதத்தைக் கண்டால், இரண்டு ஆண்டுகளின் ரூபாய்த் தொகையையும் தேடிப் படியுங்கள்.